புதுப்பிப்பு: நடவடிக்கைக் குறிப்பில் பொறுப்பாளர் பெயர்

முன்பு நான் கேட்டது: “அலுவலகக் கூட்டத்தில் குடிநீர் இயந்திரம் மாற்ற முடிவெடுத்தார்கள், யார் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் பொறுப்பாளர் இடத்தில் பயிற்சி ஊழியரான நான் என்ன எழுதுவது?”

‘நிர்வாகப் பிரிவு’ என்று எழுதச் சொன்ன நண்பரின் யோசனை பாதிதான் உதவியது. பிரிவில் உள்ள மூவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்துவிட்டனர். ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரான ஓர் அம்மையார் அறிவுறுத்தியபடி, இம்முறை அடுத்த பொருளுக்குப் போகுமுன், “ஐயா, இதை யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று குறித்துக்கொள்ளட்டும்?” என்று தலைவரிடமே கேட்டேன். பதிவு இப்படி அமைந்தது: “மூன்று விலைப்புள்ளிகள் பெறத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: கொள்முதல் உதவியாளர். கெடு: 14ஆம் தேதி.” விவாதத்தில் யார் என்ன சொன்னார் என்பதை நான் சேர்க்கவில்லை.

கூட்டத்துக்கு வராதவர் பெயரில் பணி எழுதலாமா என்பது எங்கள் அலுவலகத்தில் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு, ‘அவர் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று சேர்த்து, வரைவை மறுநாளே அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.