பாக்கி கேட்டு மெயில் போட்டதில் உறவு கசந்த அனுபவம் உண்டா?

கோவை கம்ப்ரசர்
ஃபவுண்டரிகளுக்கு ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் செய்கிறேன். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏப்ரல் 10 தேதியிட்ட பில், ஒரு லட்சமும் ஜிஎஸ்டி 18 ஆயிரமும். கெடு 30 நாள். மே 5-ம் தேதி அக்கவுண்ட்ஸ் தம்பிக்கு வாட்ஸ்அப்பில், "பில் வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன். "பார்க்கறேன்ணா" என்றார். கெடு தாண்டியதும் பில் நம்பர், தொகை, தேதி போட்டு ஒரு மெயில். பதில் இல்லை. 20-ம் தேதி போன் செய்து, "எந்தத் தேதி நெஃப்ட் போடுவீங்க?" என்றேன். "அடுத்த வாரம்ணா." அன்றைக்குத்தான் அந்த 18 ஆயிரத்தை மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யில் என் கையிலிருந்து கட்டியிருந்தேன்.

ஜூன் 3-ல் போட்ட மெயில்தான் விஷயம். "10-ம் தேதிக்குள் வராவிட்டால் அடுத்த சர்வீஸைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்" என்று ஒரு வரி. முதலாளிக்கும் சிசி. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "ஏனுங்க, எங்கப்பா காலத்துல இருந்து வர்றீங்க. ஒரு லட்சத்துக்கு மெஷினை நிறுத்திப்போடுவீங்களா?"

பாக்கி இருப்பதே அவருக்குத் தெரியாது. சர்வீஸ் ரிப்போர்ட் ஸ்டோர்ஸில் கையெழுத்தாகாமல் கிடந்ததால் பில் கணக்கிலேயே ஏறவில்லையாம். மறுநாள் பணம் வந்துவிட்டது. அந்தக் குரல்தான் இன்னும் உறுத்துகிறது.

திருப்பூர் லேபிள்
மெயிலில் தப்பில்லை அண்ணா, சிசி-தான் தப்பு. தன் ஆட்கள் முன்னால் அவரைக் கடன்காரர் ஆக்கிவிட்டீர்கள். என்னிடம் கறாரான மெயில் எல்லாம் அக்கவுண்ட்ஸ் அக்கா பெயரில்தான் போகும். அது போகும் முன் நான் முதலாளிக்குப் போன் போட்டு, "எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில் வரும், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை அந்தப் போனிலேயே அவர், "அட, அந்த பில்லா? லேபிள்ல கலர் மாறியிருக்குன்னு எங்க மெர்ச்சண்டைசர் நிறுத்தி வெச்சிருக்கார்" என்றார். எங்களிடம் யாரும் சொல்லவேயில்லை! அதை கிரெடிட் நோட் போட்டு முடித்தோம். கறார் மெயில் முதலில் போயிருந்தால் சண்டைதான்.

சேலம் செல்வம்
இவ்வளவு நயம் எதற்கு? 45 நாள் தாண்டினால் அந்தச் செலவையே அவர்கள் வருமான வரியில் காட்ட முடியாது. முதல் மெயிலிலேயே இந்த வருமான வரி விதியைப் போடுங்கள், ஓடி வருவார்கள்.

ஆடிட்டர் ஆபீஸ்
செல்வம் சொன்னது பாதிதான் சரி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாள், அதிகபட்சம் 45. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். செலவும் ஒரேயடியாகப் போய்விடாது, பணம் கொடுத்த வருஷத்தில் காட்டலாம். அதனால் ஏப்ரல் பில்லுக்கு ஜூனில் இதைச் சொன்னால் யாரும் பதறமாட்டார்கள். அதே நிதியாண்டில் கொடுத்தால் அவர்களுக்கு நஷ்டமே இல்லை. பிப்ரவரியில் சொல்லிப் பாருங்கள், மார்ச் 31 கண்முன் நிற்கும். அதுவும் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்குத்தான். வாங்கி விற்பவருக்கு இது உதவாது.

நடுக்கட்டத்தில் சொல்ல 180 நாள் விதி நல்லது. அதற்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் உங்கள் பில்லின் ஜிஎஸ்டி-க்காக எடுத்த வரிக் கழிவை, அதாவது ஐடிசி-யை, வட்டியோடு அவர்கள் திருப்பவேண்டும். ஏப்ரல் 10 பில்லுக்கு அது அக்டோபர் 7. "உங்கள் ஐடிசி-க்குச் சிக்கல் வராமல் முடித்துவிடலாம்" என்று எழுதினால் மிரட்டலாகவும் தெரியாது. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி, சிறு நிறுவனங்களின் பாக்கிக்கான அரசு போர்ட்டலில் புகார் என்பதெல்லாம் கடைசிக் கட்டம். அங்கே போன பிறகு அடுத்த ஆர்டரை எதிர்பார்க்காதீர்கள்.

சேலம் செல்வம்
சார், பிப்ரவரி வரை காத்திருந்தால் என் ஆட்களுக்குச் சம்பளம் யார் போடுவது? அந்த வட்டியை பில்லின் அடியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கோபித்ததில்லை.

ஆடிட்டர் ஆபீஸ்
கோபித்ததில்லை, சரி. யாராவது அந்த வட்டியைக் கொடுத்தார்களா?

மதுரைக்காரன்
மச்சானுக்குக் கைமாத்தாக 40 ஆயிரம் கொடுத்தேன், பொங்கல் ரெண்டு போய்விட்டது. இதுக்கும் அந்த போர்ட்டலில் புகார் போடலாமா?

திருப்பூர் லேபிள்
அதுக்கு அக்காகிட்டதான் போடணும்!

கோவை கம்ப்ரசர்
சிசி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அந்த முதலாளி மெயிலே பார்க்கவில்லை என்றால் ஸ்டோர்ஸ் விஷயம் வெளியே வந்திருக்காதே? இப்போது வேலை முடிந்ததும் ஸ்டோர்ஸ் சீல் வாங்கிய ரிப்போர்ட்டை பில்லோடு சேர்த்தே அனுப்புகிறேன். அடுத்த 2000 மணிநேர சர்வீஸ் இந்த மாதம் வரவேண்டும். இன்னும் அவர்கள் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிடலாமா, இல்லை விட்டுவிடலாமா?