கொக்கி எட்டாத கை: சலரோகம் வந்து இருபது வருடத்துக்குப் பிறகு

வெள்ளவத்தை அக்கா

எனக்கு வயது 61. சலரோகம் இருப்பது 2004இல் தெரியவந்தது. போன வருடம் ஆவணியில் ஒரு காலை, சட்டையின் முதுகுப்பக்கக் கொக்கியைப் போட இடது கையைப் பின்னால் கொண்டுபோனேன். கை இடுப்போடு நின்றுவிட்டது. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்து இரண்டு கிழமை தைலம் தேய்த்தேன். பிறகு இரவில் அந்தப் பக்கம் புரண்டாலே விழித்துக்கொள்ளும் அளவுக்கு வலி வந்தது. காலி வீதியில் பஸ் ஏறினால் மேல்கம்பியை எட்டிப் பிடிக்க முடியாது. ஒரு நாள் பஸ் சடுதியாக நிற்க, முன்னாலிருந்த பிள்ளையின் மடியில் விழப் பார்த்தேன்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. “வயதுதானே அம்மா” என்று வலிக்குளிசை தந்து அனுப்பினார்கள். யாரும் கையைத் தொட்டு அசைத்துப் பார்க்கவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது.

எனக்கு விளங்காதது இதுதான். நாலு வருடமாக என் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி 7ஐத் தாண்டவில்லை. கடைசியாக எடுத்தது 6.8. கிளினிக்கில் மற்றவர்களுக்கு என் புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். அப்படியிருக்க ஏன் இப்போது?

கொட்டாஞ்சேனை ஐயா

பிள்ளை, இது கழுத்தெலும்புத் தேய்மானம். எனக்கும் இதே இடது தோள்தான் வலித்தது. கழுத்துக்குப் பட்டி போட்டேன், தலையணையை மாற்றினேன், இரண்டு மாதத்தில் போய்விட்டது. சீனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அதனால் 6.8 போதாது, 6க்குக் கொண்டுவாருங்கள். தோள் தானாகக் கழன்றுகொள்ளும்.

முன்னாள் இயன்மருத்துவர்

ஐயா சொன்னதில் ஒரு பாதி சரி. மறு பாதியை நம்பி அக்கா இன்னும் ஆறு மாதத்தை இழந்துவிடக் கூடாது.

கழுத்திலிருந்து இறங்கும் வலி தோளில் வலிக்கும், ஆனால் தோள்மூட்டை இறுக்கிப் பூட்டாது. அக்கா, வீட்டில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, முன்கைகளை நேராக முன்னே நீட்டுங்கள். முழங்கை விலகாமல் இரண்டு கையையும் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் விரியுங்கள். இடது கை வராமல் நின்றால், மகளையோ பக்கத்து வீட்டாரையோ மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். தசைநார் கிழிந்தவருக்குத் தன் பலத்தில் கை வராது, ஆனால் மற்றவர் கொண்டுபோனால் பெரும்பாலும் போகும். உறைந்த தோள் என்ற வருத்தத்தில் யார் தள்ளினாலும் அதே இடத்தில்தான் முட்டி நிற்கும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். இங்கே சுருங்கியிருப்பது மூட்டைச் சுற்றியுள்ள பை. அதனால்தான் படத்தில் ஒன்றுமில்லை.

இன்னொன்று. சாமி கும்பிடுவதுபோல் உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்து, விரல்களுக்கிடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெள்ளவத்தை அக்கா

மகள் தள்ளிப் பார்த்தாள். வலது கை நன்றாக விரிகிறது. இடது கை ஐந்தாறு விரற்கடையோடு நின்றுவிட்டது, மரத்தில் முட்டியதுபோல்.

கும்பிட்டுப் பார்த்ததில்தான் எனக்குத் திடுக்கென்றது. சுண்டு விரல்களும் மோதிர விரல்களும் ஒட்டவேயில்லை. இடையில் ஒரு பேனையை நுழைக்கலாம். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. விரல்களில் வலியும் இல்லையே.

முன்னாள் இயன்மருத்துவர்

வலி இல்லாததால்தான் அது ஒளிந்திருக்கிறது. சுண்டு விரலில் தொடங்கி மெதுவாக மற்ற விரல்களுக்கு நகரும். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள், தடித்து மெழுகு பூசியதுபோல் இருக்கும். கையும் தோளும் இரண்டு தனி வருத்தங்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. நம் ஊர் றோஸ் பாணின் மேல்தோல் ஏன் சிவக்கிறது? மாவிலுள்ள சீனியும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைவதால். அந்தப் பிணைப்பு உடம்பின் சூட்டிலும் நடக்கும், ஆனால் வருடக்கணக்கில் எடுக்கும். தசைநார், மூட்டுப்பை, தோல் எல்லாம் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனவை. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் மூட்டு அசையும். சீனி அவற்றுக்குக் குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு விழுந்த இழையை உடம்பால் இலகுவில் அரித்து அகற்றவும் முடியாது.

உங்கள் 6.8 சிவப்பணுவில் ஒட்டிய சீனியின் அளவு. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால் அது மூன்று மாதக் கதையை மட்டும் சொல்கிறது. தசைநாரின் கொலாஜன் அப்படி மாறிக்கொண்டிருப்பதில்லை, பல வருடம் அப்படியே கிடக்கும். முதல் பத்து வருடம் உங்கள் சராசரி எவ்வளவு இருந்தது?

வெள்ளவத்தை அக்கா

சொல்ல வெட்கம். 9, 10 என்றுதான் இருந்தது. ஒருமுறை 11. கந்தோர், பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் வருத்தம் என்று ஓடிய காலம். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனதே இல்லை.

முன்னாள் இயன்மருத்துவர்

அந்தப் பத்து வருடம்தான் இன்று தோளில் இருக்கிறது. 6.8ஐ 6 ஆக்கினால் பழைய முடிச்சு அவிழாது. இந்த வயதில் ஊசி மருந்தைக் கூட்டி 6க்கு இறக்கப் போய்ச் சீனி தாழ்ந்து மயங்கி விழுவதுதான் மிச்சம். இப்போதைய கட்டுப்பாடு புதிய முடிச்சுகளைக் குறைக்கும், அது போதும்.

இதை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனி மட்டும் காரணமென்றால் இரண்டு தோளும் ஒன்றாக இறுகியிருக்க வேண்டும். சலரோகமே இல்லாதவருக்கும் தோள் உறைகிறது. மூட்டுப்பையில் முதலில் ஓர் அழற்சி வந்து, அது ஆறும்போது தழும்புபோல் சுருங்குகிறது. தைரொயிட் குறைபாடு உள்ளவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள். கண்ணின் பின்புறத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கை இப்படி இறுகியவர்களிடம் கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்குழாய்கள் பழுதாகியிருப்பது அதிகம்.

தெஹிவளைத் தம்பி

என் அம்மாவுக்கும் விறைப்பு இருக்கிறது, இரண்டு பாதத்திலும். செருப்புக் கழன்றாலும் தெரிவதில்லை. இந்தக் கதவு திறக்கும் பயிற்சியைக் காலுக்கு எப்படிச் செய்வது?

முன்னாள் இயன்மருத்துவர்

தம்பி, அது வேறு. அம்மாவுக்கு நரம்பு நுனிகள் பழுதாகியிருக்கின்றன. பயிற்சியை விடுங்கள், தினமும் இரவில் பாதத்தின் அடியைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். செருப்புக் கழன்றது தெரியவில்லை என்று கிளினிக்கில் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

தையல் மெஷின்

பாத விறைப்பு என்று தம்பி எழுதியதால் என் கதையையும் சொல்கிறேன். புறக்கோட்டையில் 18 வருடமாகத் தைக்கிறேன், சலரோகம் 14 வருடமாக இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வலது கை எரிந்து விறைத்து எழுப்பிவிடும். வெப்பமானியை உதறுவதுபோல் கையை உதறினால் கொஞ்சம் குறையும். “சலரோக நரம்பு, சமாளியுங்கள்” என்று சொல்லி விற்றமின் தந்தார்கள். இரண்டு வருடம் சமாளித்தேன்.

பிறகு ஒரு வைத்தியர், எந்தெந்த விரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரலில் ஒன்றுமே இல்லை. பாதத்திலும் இல்லை. “சலரோக நரம்பென்றால் முதலில் பாதத்தில் தொடங்கியிருக்கும், கைக்கு வரும்போது கையுறை போட்டதுபோல் எல்லா விரலும் போகும். உங்களுக்கு மணிக்கட்டில் ஒரே ஒரு நரம்புதான் நசிகிறது” என்றார். நரம்பில் மின்னோட்டம் போகும் வேகத்தை அளந்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது.

மணிக்கட்டு வளையாமல் நேராக வைக்கும் பட்டியை இரவில் ஆறு கிழமை கட்டினேன். தூக்கம் திரும்பியது, ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பெருவிரலின் அடிச்சதை பள்ளமாகியிருந்தது. கடைசியில் அறுவைச் சிகிச்சை. வெட்டிய அன்றிரவே எரிவு நின்றது. பள்ளம் இன்றுவரை நிரம்பவில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது இன்னும் தடுமாறுகிறேன்.

எனக்கு வந்தது தையலாலா, சீனியாலா?

முன்னாள் இயன்மருத்துவர்

பிரித்துச் சொல்ல முடியாது, தங்கச்சி. மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே சின்னச் சுரங்கம். ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. அக்காவின் தோள்பையைத் தடிப்பாக்கிய அதே வேலை அங்கே தசைநார் உறைகளிலும் நடக்கிறது, இடம் குறைகிறது. உள்ளே இருக்கும் நரம்பும் சீனியால் ஏற்கெனவே நொந்தது, மற்றவருக்குத் தாங்கும் அழுத்தம் அதற்குத் தாங்காது. அதன் மேல் நாள் முழுக்கக் கத்தரிக்கோல். சதை பள்ளமாகும் முன் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது உங்கள் பிழையல்ல.

வெள்ளவத்தை அக்கா

ஆறு கிழமை கழித்து எழுதுகிறேன். கண் பார்த்தார்கள். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் பின்புறம் சிறு இரத்தப் புள்ளிகள். இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். தைரொயிட் சரி.

தோளுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். சீனி ஏறும் என்று முன்பே எச்சரித்து, நாலு நேரமும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்று இரவு 248, மறுநாள் மதியம் 291. ஐந்தாம் நாள்தான் பழைய அளவுக்கு வந்தது. ஆனால் பத்து மாதத்தில் முதன்முறையாக இரவு முழுக்கத் தூங்கினேன்.

கொட்டாஞ்சேனை ஐயா

பார்த்தீர்களா, 291! சீனிக்காரருக்கு ஸ்டீரொயிட் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய். நான் சம்மதித்திருக்கவே மாட்டேன்.

முன்னாள் இயன்மருத்துவர்

ஐயா, ஐந்து நாள் ஏறியது. தூங்காத பத்து மாதமும் சீனியை ஏற்றத்தான் செய்யும். ஆனால் ஊசி வலிக்காலத்தில்தான் அதிகம் உதவும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு போட்டுப் பெரிய பலனைக் கண்டதில்லை. அக்கா, வலி இறங்கிய இந்த நாட்களை விடாதீர்கள். ஒரு தடியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கை விலாவோடு இருக்க, நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுங்கள். இழுவை தெரிய வேண்டும், ஆனால் அன்றிரவு வலியில் விழித்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். ஒன்று முதல் மூன்று வருடம் எடுக்கலாம். சலரோகம் உள்ளவருக்கு நான் ஒருபோதும் சிறிய இலக்கத்தைச் சொன்னதில்லை.

மயக்கி வைத்துத் தோளை விடுவிக்கும் முறையும் உண்டு. அதற்குச் சரியான நேரம் எது என்பதில் நான் வேலை செய்த இடத்திலேயே வைத்தியர்கள் ஒத்துப்போனதில்லை.

வெள்ளவத்தை அக்கா

தும்புத்தடியின் கம்பை வெட்டிப் பயிற்சி செய்கிறேன். கை வெளியே வரும் தூரத்தை மகள் சுவரில் பென்சிலால் கோடு போடுகிறாள். முதல் கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். சட்டைகளின் கொக்கியை முன்பக்கம் மாற்றித் தைத்துவிட்டேன். நேற்று அலுமாரியின் மேல்தட்டை எட்டியபோது வலது தோளில் ஒரு சுருக் வந்தது. அதற்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.