ஒஹலாவுக்குத் தமிழில் என்ன?

சப்டைட்டில்_மேசை: ஸ்பானிஷ் படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுகிறேன். ஆசையையும் ஏக்கத்தையும் சொல்லும் 'ஒஹலா' ஏழெட்டு இடத்தில் வருகிறது. இன்ஷா அல்லாஹ்வின் திரிபு என்கிறார்கள். எல்லா இடத்திலும் 'கடவுள் அருளால்' என்று போட்டுவிடலாமா?

பழுப்புத்தாள்: தாராளமாகப் போடுங்க. எட்டு நூற்றாண்டு அரபுப் பேச்சு அந்த மண்ணில் இருந்தது. 1492இல் கிரனாடா விழுந்த பிறகும் சொல் தங்கிவிட்டது. இன்ஷா அல்லாஹ்தான் ஒஹலா, இதில் சந்தேகமே வேண்டாம்.

காயல்காரி: சந்தேகம் நிறையவே இருக்கு. 'நாளைக்கு வர்றேன், இன்ஷா அல்லாஹ்' என்று எங்க வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். அது வாக்குக் கொடுத்துவிட்டு முடிவை இறைவன் கையில் விடுவது. அந்த இடத்தில் ஸ்பானிஷ்காரர் ஒஹலா போட்டால் வாக்கே போய்விடும், வெறும் ஏக்கம்தான் மிஞ்சும். வாக்குக்கு அவர்களிடம் 'சி தியோஸ் கியேரே', அதாவது 'கடவுள் நாடினால்', தனியாக இருக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் வசனம் கவிழும்.

வேர்ச்சொல்: காயல்காரி சொன்னது பொருள் பக்கம். ஒலியும் அதையேதான் சொல்கிறது. 'இன் ஷா'விலிருந்து வந்திருந்தால் முன்னால் ஒரு 'ன்' தங்கியிருக்க வேண்டும், அந்த 'இ' எப்படி 'ஒ' ஆனது என்றும் சொல்லியாக வேண்டும். ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இப்போது தரும் வேர் 'லவ் ஷா ல்லாஹ்', அந்தலூசிய அரபு. அரபு 'அவ்' ஸ்பானிஷில் 'ஒ' ஆவது வழக்கம். 'அல்ஹவ்ஸ்' என்பதுதான் 'அல்ஃபோஸ்' ஆயிற்று. முதல் 'ல்' உதிர்ந்ததற்கு, பின்னால் இன்னொரு 'ல்' வருவதே காரணம் என்பார்கள்.

நடுவில் இருக்கும் 'ஹ' முன்பு 'ஷ'தான். பழைய எழுத்தில் அந்த இடத்தில் எக்ஸ் இருந்தது, 1815 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் ஜே ஆனது. நம்ம சர்பத் இருக்கிறதே, அதே அரபு வேரிலிருந்து ஸ்பானிஷுக்குப் போன சொல் 'ஹராபே', அதாவது சிரப். அங்கேயும் 'ஷ' இதே வழியில்தான் 'ஹ' ஆயிற்று.

காயல்காரி: 'லவ்' என்றால் கதையே வேறு. அரபியில் இரண்டுக்கும் 'என்றால்' என்றுதான் பொருள், ஆனால் 'இன்' நடக்கக்கூடியதற்கு. 'லவ்' நடக்காததற்கு. 'லவ் ஷா அல்லாஹ்' என்று குர்ஆனில் வரும்போது, நாடியிருந்தால் செய்திருப்பான், ஆனால் நாடவில்லை என்றுதான் பொருள். ஒஹலாவின் ஏக்கத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துது.

வேர்ச்சொல்: ஆனால் அகாதமியே முன்பு 'வ ஷா அல்லாஹ்', 'இறைவன் நாடட்டும்' என்று வேர் காட்டியது. இன்றைக்கும் அதை விடாதவர்கள் இருக்கிறார்கள். நான் 'லவ்' பக்கம். வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

தோணித்துறை: பிரேசிலில் ஓஷலான்னா சாமி பேராச்சே? வெள்ளை உடுத்துவாங்களே?

வேர்ச்சொல்: அது யொருபா சொல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஒஹலாவின் போர்த்துகீசிய வடிவமான 'ஒஷலா'வும் அதுவும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

சப்டைட்டில்_மேசை: வேர் இருக்கட்டும். திரையில் என்ன எழுதுவது?

வேர்ச்சொல்: ஒஹலாவை விடுங்கள், அடுத்து வரும் வினையைப் பாருங்கள். மழையை வைத்தே சொல்கிறேன்.

'ஒஹலா யுவேபா': மழை இன்னும் வரலாம். 'மழை பெய்யணும்', 'பெஞ்சாத் தேவலை'. 'ஒஹலா யொபியேரா': வினை '-ரா' அல்லது '-சே' என்று முடிந்தால் நம்பிக்கை மெலிந்துவிட்டது. 'மழை பெய்யாதா!' 'ஒஹலா உபியேரா யொபிதோ': வாய்ப்பு போயே போச்சு. 'மழை பெஞ்சிருக்கக் கூடாதா!'

எச்சரிக்கை ஒன்று. 'பெய்யக் கூடாதா' என்றால் பெய்ய வேண்டும் என்ற ஏக்கம், 'பெய்யக் கூடாது' என்றால் நேர் எதிர். தட்டச்சில் கடைசி எழுத்து மாறினால் பாத்திரம் மழையைச் சபிக்கும். எதிர்மறையான 'ஒஹலா நோ யுவேபா'வுக்கு 'மழை வந்துடக் கூடாது' என்று எழுதிவிடுங்கள், குழப்பம் இல்லை.

பழுப்புத்தாள்: இவ்வளவு சுற்ற வேண்டுமா? தமிழில் வியங்கோள் இருக்கே. 'மழை பெய்க', 'அவன் வருக'. ஒரே வடிவம், எல்லாம் அடங்கும்.

காயல்காரி: 'பெய்க' என்று யார் வீட்டுச் சமையலறையில் பேசுறாங்க? மேடையிலும் சுவரொட்டியிலும்தான். ஒஹலா தெருவில் புழங்கும் சொல். அதோட, போனதுக்கு ஏங்க வியங்கோளால் முடியாது. நேற்றுப் பெய்யாத மழையை எப்படிப் 'பெய்க' என்பீங்க?

பழுப்புத்தாள்: சரி, போனதுக்கு முடியாது. ஆனால் 'தமிழில் தனிச்சொல்லே இல்லை' என்று யாரும் கிளம்ப வேண்டாம். 'தில்' இருந்தது. தொல்காப்பியம் அதற்கு விழைவு, காலம், ஒழியிசை என்று மூன்று பொருள் சொல்கிறது. குறுந்தொகை 14இல் 'பெறுகதில் அம்ம யானே' என்கிறானே தலைவன், அங்கே 'தில்' ஒஹலா வேலைதான் செய்கிறது.

வேர்ச்சொல்: அட, இதை ஒப்புக்கொள்கிறேன். விழைவுக்கென்றே ஓர் இடைச்சொல், கடவுள் பெயரும் கலக்கவில்லை. ஒரு வித்தியாசம், ஒஹலா முன்னால் வரும், 'தில்' வினையின் வாலில் ஒட்டும். இன்றைய திரையில் போட்டால் பாதிப்பேர் இந்தி 'தில்' என்று இதயத்தைத் தேடுவார்கள்.

சப்டைட்டில்_மேசை: தனியாக 'ஒஹலா!' என்று மட்டும் வருகிறதே? வேலை கிடைக்கும் என்று அம்மா சொல்ல, மகன் அப்படிச் சொல்கிறான். இன்னொரு இடத்தில் 'நாளைக்கு லீவா?' என்றதற்குப் பதில். ஒரு நொடிக்குள் வாசிக்க வேண்டும்.

காயல்காரி: முதலாவதுக்குப் 'பலிக்கட்டும்!' போதும். நம்மாள் 'உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்' என்பதன் வால். இரண்டாவதில் லீவு கிடையாது என்று அவனுக்கே தெரியும், அதனால் 'இருந்தாத்தானே!' ஒரே சொல்தான், ஒன்றில் நம்பிக்கை, ஒன்றில் கசப்பு.

பழுப்புத்தாள்: அப்போ எந்த இடத்திலும் கடவுள் வரவே கூடாதா?

காயல்காரி: பாட்டி பாத்திரம் பக்தியோடு சொன்னால் 'கடவுள் புண்ணியத்துல' வரட்டும். ஸ்பானிஷில் நாத்திகரும் ஒஹலா சொல்வார், அவர் வாயில் கடவுளைத் திணிக்காதீங்க, அவ்வளவுதான்.

சப்டைட்டில்_மேசை: கடைசியாக ஒன்று. மகள் பஸ் ஏறிப் போன பிறகு தாய், 'ஒஹலா ஆயா யெகாதோ பியென்' என்கிறாள். 'நல்லபடியாப் போய்ச் சேர்ந்திருக்கணும்' என்று போட்டிருக்கிறேன்.

வேர்ச்சொல்: அங்கேதான் வழுக்கும். 'சேர்ந்திருக்கணும்' என்றால் இந்நேரம் சேர்ந்திருப்பாள் என்று அவள் கணக்குப் போடுவது போலவும் படும். தாய்க்குச் சேதி தெரியாது, வயிறு கலங்குது. 'நல்லபடியாப் போய்ச் சேர்ந்திருந்தாச் சரி' என்று மாற்றுங்கள்.

பழுப்புத்தாள்: 'சேர்ந்திருக்கட்டும்' என்றால் என்ன குறை?

வேர்ச்சொல்: குறையில்லை. கொஞ்சம் ஆசி கொடுப்பது போல இருக்கும். அந்த நடிகையின் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

தோணித்துறை: எழுதும்போது ஒஹலாவா, ஒகலாவா? 'மகன்' என்பதில் வரும் க மாதிரிதானே கேட்குது?

வேர்ச்சொல்: நல்ல காது. ஆனால் ஒகலா என்று பார்த்ததும் 'அகலம்' மாதிரி வாசித்து அழுத்தத்தை முன்னால் போட்டுவிடுவார்கள். அழுத்தம் கடைசி 'லா'வில் விழ வேண்டும். நான் ஒஹலாதான் எழுதுவேன்.

பழுப்புத்தாள்: நான் ஒகலாதான். கிரந்தம் இல்லாமலே ஒலி வந்துவிடும்போது எதுக்கு?