புதுப்பிப்பு: ஓகே ஆன பேனரில் எழுத்துப்பிழை, லீடுக்கு அனுப்பிய மெயில்

முன்பு கேட்டது: "ஒப்புதல் வாங்கிய படத்தில் ‘கொலுசு’ உடைந்திருக்கிறது. லீடுக்கு எப்படி எழுத?"

அனுப்பியது இது:

"மேடம், செவ்வாய்ப்பேட்டை கடை பேனர், நேற்று ஓகே ஆன v3. இரண்டாம் வரியில் ‘கொலுசு’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விட்டது. கவனிக்காதது என் தவறு. விலையும் முகவரியும் சரி. அச்சு தொடங்கவில்லை, பிரஸ்ஸில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மதியம் 12-க்குள் v4 வரும், அந்த வரி மட்டுமே மாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்புகிறேன், மறுபடி ஓகே வேண்டும்."

இன்டிசைனில் கம்போசர் மாறியிருந்ததுதான் காரணம். Adobe World-Ready Paragraph Composer தேர்ந்ததும் கொம்பு முன்னால் வந்தது.

ஸ்பெல்செக் போடச் சொன்ன நண்பருக்கு: தட்டச்சு சரிதான், காட்டுவதில்தான் பிழை. அதனால் ஸ்பெல்செக் பிடிக்காது; ஏற்றுமதியான படத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

சத்தமில்லாமல் மாற்றச் சொன்னவருக்கு: பிரஸ்ஸில் கிடப்பது v3. ஃபைல் பெயர் மாறாவிட்டால் அதுவே அச்சாகும்.

ஸ்டிக்கரில் விலை தப்பானதைச் சொன்ன அக்கா, அது வேறு கதை. அதற்குக் கடைக்காரரிடமே மறுபடி கேட்க வேண்டும்.

v4 ஓகே ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றும் v3-ஐ என்ன செய்வது என்று மேடம் இன்னும் சொல்லவில்லை.