ஸ்னைப்பர் உதவி: சாய்வாக ஓடுபவரை எப்படிச் சுடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கணினியில் பப்ஜி ஆடுகிறேன், கார்98 துப்பாக்கி, 8x ஸ்கோப். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நின்றிருப்பவரை 300 மீட்டரில் சரியாக அடிக்கிறேன். மேப்பில் சின்னக் கட்டம் ஒன்று 100 மீட்டர் என்று எண்ணி, ஸ்கோப் ஜீரோவை 300-க்கு மாற்றிவிடுகிறேன். அதனால் குண்டு கீழே இறங்குவது என் பிரச்சினை இல்லை.

குறுக்கே ஓடுபவருக்கும் ஒரு கணக்கு பிடித்துவிட்டேன். குண்டின் வேகம் வினாடிக்கு 760 மீட்டர், 300 மீட்டரைக் கடக்க சுமார் 0.4 வினாடி. ஆள் வினாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடுவதால், இரண்டரை மீட்டர், அதாவது ஐந்து உடல் அகலம் முன்னே வைக்கிறேன். பெரும்பாலும் படுகிறது.

ஆள் என்னை நோக்கிச் சாய்வாக ஓடும்போதுதான் அதே ஐந்து அகலத்தில் குண்டு அவருக்கு முன்னால் போய்விடுகிறது. பாதியாகக் குறைத்தால் பின்னால் விழுகிறது. பிங் 60-ஐத் தாண்டுவதில்லை, பயிற்சி மைதானத்திலும் இதே கதைதான். 45 டிகிரிக்கு 0.7 மடங்கு என்று காகிதத்தில் வருகிறது. ஆனால் ஸ்கோப் வழியே கோணமே பிடிபடவில்லை.

ஓடுபவரின் உடலில் எதைப் பார்த்து அந்தக் கோணத்தை நொடியில் கணிக்கிறீர்கள்?