மூன்றாவது முறையும் எச்-ல் போயிற்று: எல்.எல்.ஆர் முடியும் முன் என்ன செய்வது?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து நண்பர்களே, அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். கார் லைசென்ஸுக்கு மே 10 எடுத்த எல்.எல்.ஆர், ஆறு மாதம் என்பதால் நவம்பர் 9 வரைதான். அக்டோபர் 6-ல் மூன்றாவது டெஸ்டும் தோல்வி. மூன்று முறையும் எச்-ல் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் கம்பியில் இடித்துவிட்டான். ஸ்டியரிங்கைத் தாமதமாகத் திருப்புவதுதான் காரணம்.

முதல் இரண்டு தோல்விக்குப் பின் ஏழு நாள் இடைவெளி போதும். மூன்றாவதற்குப் பின் சட்டப்படி 60 நாள் பொறுக்கணும், அதாவது டிசம்பர் 5 வரை. அதற்குள் எல்.எல்.ஆர் காலாவதி! ஆகவே புதிதாக எடுத்தே ஆகணும். இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: புதிய எல்.எல்.ஆரிலும் 30 நாள் காத்திருக்கச் சொன்னார்களா? அப்படியென்றால் நவம்பர் 10-ஏ விண்ணப்பித்தால் இரண்டு காத்திருப்பும் ஒன்றாகவே ஓடிவிடும்.

டெஸ்ட் நாளில் அசல் எல்.எல்.ஆர், ஆதார், ஸ்லாட் பிரிண்ட், வண்டியின் ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று கொண்டுபோகிறோம். புகைச் சான்றின் தேதியை முந்தைய நாளே பாருங்கள், அதுதான் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். போக முடியாவிட்டால் சாரதி தளத்தில் விண்ணப்ப எண் கொடுத்து ஸ்லாட்டை ரத்து செய்துவிட்டு வேறு நாள் எடுக்கலாம்.

இன்னொன்று, எச் கம்பி நட்டுப் பழக வாடகைக்கு மைதானம் கொழிஞ்சாம்பாறை அருகே யாரிடம் கிடைக்கும்?