AI-யில் படம் உருவாக்கும்போது, ப்ராம்ப்டை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்பதை முடிவு செய்யும் CFG அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

கோட்டோவியன்: சிறுவர் கதை ஒன்றுக்குப் படம் வேண்டியிருந்தது. மழையில் மஞ்சள் குடை பிடித்த சிறுமி, பின்னால் நீலக் கதவு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-இல் சீட் எண்ணை மாற்றாமல் CFG Scale-ஐ மட்டும் மாற்றி ஓட்டினேன். 2-இல் வந்த படம் அழகு. மழைக்குள் மங்கலாக ஒரு சிறுமி, பின்னால் சாம்பல் நிறச் சுவர். ஆனால் குடையும் இல்லை, கதவும் இல்லை. 7-இல் இரண்டும் வந்துவிட்டன. 14-இல் குடை கண்ணைக் கூசும் மஞ்சள், நிழலெல்லாம் கரிக்கறுப்பு, கதவின் ஓரத்திலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. கதவைச் சுத்தமான நீலமாக்க இன்னும் ஏற்றுவதா, இறக்குவதா?

வேல்விழி: ஏற்றுங்கள். எண் கூடக் கூட, சொன்னபடி கேட்கும். நான் எப்போதும் 20-க்கு மேல்தான்.

நிழலி: ஓரளவு வரைக்கும்தான் அது சரி. உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மாடல் இரண்டு முறை ஊகிக்கிறது. ஒருமுறை நம் ப்ராம்ப்டைப் படித்து, இன்னொரு முறை படிக்காமல். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த எண்ணால் பெருக்குகிறது.

```
noise = uncond + scale * (cond - uncond)
```

எண் சிறியதாக இருந்தால் ப்ராம்ப்டின் இழுப்பு குறைவு. அப்போது மாடல் தனக்குப் பழக்கமான மழைக் காட்சியை வரைந்துவிடும். உங்கள் சாம்பல் சுவர் அப்படி வந்ததுதான். 14 போல மிகவும் ஏற்றினால், மாடல் பழகிய மதிப்புகளின் எல்லையைத் தாண்டி நிறம் தள்ளப்படுகிறது. கரிக்கறுப்பும் கூசும் மஞ்சளும் அதனால்தான். படம் கருகியிருக்கிறதா என்று பார்க்கக் கன்னத்தையும் வானத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்ல மாற வேண்டிய நிறம் திட்டுத் திட்டாக நிற்கும்.

கதவில் மஞ்சள் ஒட்டியது வேறு விஷயம். எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்று அந்த மாடல் சரியாகக் கட்டிவைப்பதில்லை. எண்ணை ஏற்றினால் குழப்பமும் சேர்ந்தே அழுத்தமாகும். 7-இல் வந்த படத்தை வைத்துக்கொண்டு, கதவை மட்டும் மாஸ்க் போட்டு இன்பெயின்ட் செய்யுங்கள். அந்த ஓட்டத்தில் ப்ராம்ப்டில் மஞ்சள் என்ற சொல்லே வேண்டாம்.

வேல்விழி: எனக்கு 20-இல் படம் கருகவில்லையே.

நிழலி: சில வெப் யுஐ-களில் டைனமிக் த்ரெஷோல்டிங் எக்ஸ்டென்ஷன் போட்டிருப்பார்கள். அது மிஞ்சிய மதிப்புகளை உள்ளே இழுத்துவிடும். உங்களிடம் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

வேல்விழி: ஆமாம், இருக்கிறது. ஆனாலும் 20-ஐ விட மனமில்லை. எனக்கு லோகோ மாதிரி தட்டையான படங்கள்தான் வேண்டும், அந்த அழுத்தமான நிறம் பிடித்திருக்கிறது.

மாடிப்படி: எனக்கும் இதே பிரச்சினை. என் தங்கையின் போட்டோவைக் கொடுத்து ஓவியமாக்கச் சொன்னால் முகமே மாறிவிடுகிறது. CFG-ஐ 3 வரை இறக்கியும் பயனில்லை.

கோட்டோவியன்: அது வேறு ஸ்லைடர் ஐயா. கொடுத்த போட்டோவை எவ்வளவு விட்டு விலகலாம் என்பதை Denoising strength முடிவு செய்கிறது. 0.75-இல் இருந்தால் 0.4-க்குக் கொண்டுவந்து பாருங்கள். CFG ப்ராம்ப்டோடு சம்பந்தப்பட்டது, போட்டோவோடு அல்ல.

தாழம்பூ: நான் FLUX.1 dev-க்கு மாறினேன். பழைய பழக்கத்தில் CFG-ஐ 7-இல் வைத்ததும் படம் பாழ், நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பு. அதில் CFG 1-இலேயே இருக்க வேண்டும், தனியாக உள்ள Guidance-ஐத்தான் 3.5 பக்கம் வைத்து மாற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதை 2 வரை இறக்கினால் தோல் மெழுகு மாதிரி இல்லாமல் நிஜமாகத் தெரிகிறது. ஆனால் நெகட்டிவ் ப்ராம்ப்டில் என்ன எழுதினாலும் கேட்பதில்லை.

நிழலி: கேட்காது. நெகட்டிவ் ப்ராம்ப்ட் போய் உட்காரும் இடம் மேலே எழுதிய uncond. scale 1 ஆனால் அது கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. வேண்டாததைச் சொல்வதை விட்டு, வேண்டியதை எழுதுங்கள். "கூட்டம் இல்லாமல்" என்பதற்குப் பதில் "வெறிச்சோடிய தெரு".

கோட்டோவியன்: இன்பெயின்ட் செய்தேன், கதவு நீலமாகிவிட்டது. இன்னொன்றும் முயன்றேன். முதல் பாதி ஸ்டெப்கள் CFG 8-இல், மீதி 3-இல். குடை இருந்த இடத்திலேயே இருந்தது, மழைத்துளிகள் மென்மையாக வந்தன.

தாழம்பூ: அதே முறையில் எனக்கு விரல்கள் கெட்டுப்போயின. எந்த ஸ்டெப்பில் இறக்கினீர்கள்?

கோட்டோவியன்: 30-இல் 15-ஆவது. கொஞ்சம் தள்ளி, 20-ஆவது ஸ்டெப்பில் இறக்கிப் பாருங்கள். என் படத்தில் விரல்கள் குடைக்காம்புக்குப் பின்னால் மறைந்திருந்தன, அதனால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.